மாதக் கடைசியில் ஆலைக்குள் நிற்கும் பஞ்சு: முடிவுறாச் சரக்கும் சமான அலகுகளும்



இன்று ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பேசப் போகிறேன். ஒரு நூற்பாலையில் மாதத்தின் கடைசி ஷிப்ட் முடிகிறது. கிடங்கில் இருக்கும் பேல்களுக்கு விலை தெரியும். பேக்கிங் முடிந்து அடுக்கியிருக்கும் நூல் பெட்டிகளுக்கும் அடக்கவிலை போட்டுவிடலாம். இரண்டுக்கும் நடுவே ஆலைக்குள் கொஞ்சம் சரக்கு நிற்கிறது. மிக்ஸிங் அறையில் பேல் உடைத்துப் பரப்பிய பஞ்சு, டிராயிங் முடிந்து உயரமான கேன்களில் சுருண்டு கிடக்கும் சிலிவர், சிம்ப்ளக்ஸ் பாபின்களில் ஏறிய ரோவிங், ரிங் ஃபிரேமிலிருந்து இறக்கிய காப்ஸ். இது முழுப் பஞ்சும் இல்லை, முழு நூலும் இல்லை. ஆலைக்காரர்கள் இதை பிராசஸ் ஸ்டாக் என்பார்கள். பாடப்புத்தகத்தில் முடிவுறாச் சரக்கு. இதற்கு என்ன மதிப்புப் போடுவது என்பதுதான் கேள்வி.

இதற்கான விடை சமான அலகு என்ற கணக்கில் இருக்கிறது. பாதி வேலை முடிந்த இரண்டு கிலோவை, முழு வேலை முடிந்த ஒரு கிலோவுக்குச் சமமாக எண்ணுவது அதன் அடிப்படை. இவ்வளவையும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. ‘பாதி வேலை’ என்று எதைச் சொல்கிறோம்? பஞ்சுக்கான செலவிலா, அதை நூலாக்கும் செலவிலா? இரண்டும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை.

உலையில் அரிசியை ஒரே முறைதான் போடுகிறோம்; விறகு சோறு வேகும்வரை எரிந்துகொண்டே இருக்கிறது. கால்வாசி வெந்த நிலையில் அடுப்பை அணைத்தாலும் அரிசி முழுவதும் செலவாகிவிட்டது, விறகு மட்டும்தான் மிச்சம். நூற்பாலையும் அப்படித்தான். பஞ்சு முழுவதும் மிக்ஸிங்கிலேயே உள்ளே போய்விடுகிறது. அதற்குப் பிறகு எந்தத் துறையிலும் புதிதாகப் பஞ்சு சேர்வதில்லை. கூலி, மின்சாரம், உதிரிப் பாகம், தேய்மானம் ஆகியவைதான் துறைக்குத் துறை கூடிக்கொண்டே போகின்றன. இவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கன்வர்ஷன் செலவு என்கிறோம். ஆகவே ஒரே சரக்கை இரண்டு முறை எண்ண வேண்டும். பஞ்சுக்கு ஓர் எண்ணிக்கை, கன்வர்ஷனுக்கு இன்னோர் எண்ணிக்கை. உள்ளே நிற்பது எந்த நிலையில் இருந்தாலும் பஞ்சைப் பொறுத்தவரை நூறு சதவீதம் முடிந்தது. கன்வர்ஷனைப் பொறுத்தவரை அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

மூன்றாவது எண்ணிக்கை ஒன்றும் உண்டு. நூல் சுற்றும் காகிதக் கோன், பாலித்தீன் பை, அட்டைப் பெட்டி இவையும் பொருள்தான். ஆனால் கோன் வைண்டிங்கில்தான் கோன் வருகிறது, பேக்கிங்கில்தான் பெட்டி வருகிறது. காப்ஸாக நிற்கும் சரக்கில் கோனுக்கான செலவு ஒரு பைசாகூட இல்லை. அங்கே சமான அலகு பூஜ்யம். பொருள் என்றாலே நூறு சதவீதம் என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன். பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த நூலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பல ஆலைகளில் இரண்டு இழைகளும் டிராயிங் இயந்திரத்தில்தான் சிலிவர் நிலையில் ஒன்று சேர்கின்றன. அப்படிப்பட்ட ஆலையில் பருத்தி கார்டிங்கில் நிற்கும்போது அந்தச் சரக்கில் பாலியஸ்டர் பூஜ்யம். டிராயிங்கைத் தாண்டிய அடுத்த நொடியில் நூறு. நடுவில் முப்பது, நாற்பது என்று எதுவும் கிடையாது. பொருள் சேரும் இடத்தைச் சரக்கு தாண்டிவிட்டதா இல்லையா என்று மட்டும் கேட்டால் போதும்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் ஆலையின் அளவுக்குப் பொருந்தும்படியே வைத்திருக்கிறேன். சுமார் 10,000 கதிர்கள் ஓடும் ஆலை. 40ஆம் நம்பர் கார்டட் நூல் ஒன்றை மட்டும் நூற்கிறது. மாதத்தில் 1,08,000 கிலோ நூல் பேக்கிங் முடிந்து கிடங்குக்குப் போயிருக்கிறது. மாதக் கடைசியில் எடுத்த பிராசஸ் ஸ்டாக்கில் மிக்ஸிங்கிலும் புளோரூமிலும் 5,000 கிலோ பஞ்சு, டிராயிங் முடிந்த சிலிவர் 4,000 கிலோ, ரோவிங் 3,000 கிலோ, காப்ஸ் 1,000 கிலோ. ஆக மொத்தம் 13,000 கிலோ.

இந்த 13,000 கிலோவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பஞ்சில் தூசும் விதைத் துணுக்கும் குட்டை இழையும் இருக்கின்றன. புளோரூமிலும் கார்டிங்கிலும் பெரும்பகுதி கழிவாக விழுந்துவிடும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு துறையிலும் கொஞ்சம் போகும். நம் ஆலையில் 100 கிலோ பஞ்சுக்கு 86 கிலோ நூல் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மிக்ஸிங்கில் பரப்பியிருக்கும் ஒரு கிலோ என்பது 860 கிராம் நூலாக வரப்போகும் பஞ்சு. சிலிவரில் கழிவின் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டது. அதில் ஒரு கிலோ 950 கிராம் நூலாகும். ரோவிங்கில் 970 கிராம், காப்ஸில் 990 கிராம். நான்கு இடத்திலும் தராசு காட்டும் கிலோ ஒன்றுபோல் தெரிந்தாலும், அவை நான்கு வேறு சரக்குகள். எல்லாவற்றையும் முதலில் நூல் கிலோவாக மாற்றினால்தான் ஒன்றோடு ஒன்று கூட்ட முடியும்.

மாற்றினால் 4,300, 3,800, 2,910, 990 என்று வருகிறது. கூட்டினால் 12,000 கிலோ. பஞ்சுக்கான சமான அலகு இதுதான்.

அடுத்தது கன்வர்ஷன். இங்கேதான் சதவீதம் தேவைப்படுகிறது. தேர்வுத் தாளில் அதைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள்: பொருள் 100, கன்வர்ஷன் 50 என்று. ஆலையில் அந்த எண்ணை யாரும் கொடுக்க மாட்டார்கள். கணக்கர்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் அனுபவத்தில் இந்தப் பாடத்தின் உண்மையான கடினம் முழுவதும் இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது. பிறகு வருவது வெறும் வகுத்தல்.

பஞ்சு கடந்து வந்த துறைகளை எண்ணிப் பார்த்துச் சதவீதம் சொல்வது எளிதில் தோன்றும் வழி. புளோரூம், கார்டிங், டிராயிங், சிம்ப்ளக்ஸ், ரிங் ஃபிரேம், கோன் வைண்டிங் என்று ஆறு துறை. ரோவிங் நான்கைத் தாண்டிவிட்டது. ஆகவே மூன்றில் இரண்டு பங்கு வேலை முடிந்தது என்று சொல்லத் தோன்றும். இது தவறு, அதுவும் பெரிய தவறு. நூற்பாலையின் கன்வர்ஷன் செலவில் ரிங் ஃபிரேமின் பங்கு மற்ற எல்லாத் துறையையும்விடப் பெரிது. ஆலையின் கதிர்களெல்லாம் அங்கேதான் சுழல்கின்றன, நிமிடத்துக்கு 16,000 சுற்றுக்கும் மேல். மின்சாரம், ஆள், டிராவலர் போன்ற உதிரிப் பாகங்கள், இயந்திரங்களின் தேய்மானம் எல்லாம் அங்கே குவிகின்றன. ரோவிங் அந்த வாசலில் நிற்கிறது. உள்ளே போகவில்லை.

ஆகவே கடந்த தூரத்தை விட்டுவிட்டு, ஏறிய செலவைத்தான் அளக்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. துறைவாரியாக மின் மீட்டர் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் எந்தத் துறையில் எத்தனை பேர் என்பது இருக்கிறது. ஸ்டோர்ஸ் வழங்கிய சீட்டில் துறையின் பெயர் இருக்கிறது. இயந்திரத் தேய்மானம் இயந்திரப் பதிவேட்டில் இருக்கிறது. ஈரப்பதம் காக்கும் ஹ்யூமிடிஃபிகேஷன் அமைப்பின் மின்சாரத்தை மட்டும் பொருத்தமான அடிப்படையில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஓர் ஆண்டின் செலவை இப்படித் துறைவாரியாக எடுத்து, வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு படிக்கட்டு கிடைக்கும். நம் ஆலையில் கார்டிங் முடியும்போது 20 சதவீதம், டிராயிங் முடியும்போது 25, சிம்ப்ளக்ஸ் முடியும்போது 35, ரிங் ஃபிரேம் முடியும்போது 85, வைண்டிங்கும் பேக்கிங்கும் முடிந்தால் 100 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மிக்ஸிங்கிலும் புளோரூமிலும் நிற்கும் பஞ்சுக்குச் சராசரியாக 5 போதும்.

இப்போது எண்ணிப் பார்ப்போம்.

| சரக்கு நிற்கும் நிலை | நூல் கிலோ | கன்வர்ஷன் சதவீதம் | கன்வர்ஷன் சமான அலகு |
|---|---|---|---|
| மிக்ஸிங், புளோரூம் | 4,300 | 5 | 215 |
| சிலிவர் | 3,800 | 25 | 950 |
| ரோவிங் | 2,910 | 35 | 1,018.5 |
| காப்ஸ் | 990 | 85 | 841.5 |
| மொத்தம் | 12,000 | | 3,025 |

12,000 கிலோ சரக்கில் கன்வர்ஷன் ஏறியிருப்பது 3,025 கிலோவுக்குச் சமம், அதாவது நான்கில் ஒரு பங்குதான். காப்ஸைத் தவிர மற்றதெல்லாம் ரிங் ஃபிரேமுக்கு முன்னால் நிற்பதுதான் காரணம்.

மாதத் தொடக்கத்தில் உள்ளே இருந்த சரக்கின் செலவையும் சேர்த்து, கழிவுப் பஞ்சை விற்ற பணத்தைக் கழித்தால், பஞ்சுக்கு 2,16,00,000 ரூபாய், கன்வர்ஷனுக்கு 88,82,000 ரூபாய், கோனுக்கும் பேக்கிங் பொருளுக்கும் 3,24,000 ரூபாய் ஆகியிருக்கிறது. பஞ்சின் சமான அலகு 1,08,000 கிலோவும் 12,000 கிலோவும் சேர்ந்து 1,20,000. கிலோவுக்கு 180 ரூபாய். கன்வர்ஷனின் சமான அலகு 1,08,000 கிலோவும் 3,025 கிலோவும் சேர்ந்து 1,11,025. கிலோவுக்கு 80 ரூபாய். பேக்கிங் பொருளுக்கு முடிந்த 1,08,000 கிலோ மட்டும்தான். கிலோவுக்கு 3 ரூபாய். நூலின் அடக்கவிலை கிலோவுக்கு 263 ரூபாய் ஆகிறது.

முடிவுறாச் சரக்கின் மதிப்பு: பஞ்சு 12,000 கிலோவுக்கு 21,60,000 ரூபாய், கன்வர்ஷன் 3,025 கிலோவுக்கு 2,42,000 ரூபாய், ஆக 24,02,000 ரூபாய். முடிந்த நூலின் செலவு 2,84,04,000 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 3,08,06,000. செலவழித்த மொத்தத் தொகையும் இதுவே. ஆனால் இந்தக் கூட்டல் சரியாக வருவதை வைத்துக் கணக்கு சரி என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். சதவீதத்தை எப்படிப் போட்டாலும் கூட்டல் சரியாகத்தான் வரும். செலவை இரண்டு பாத்தியில் பிரித்து விடுகிறோம். பிரித்த விதம் தவறானாலும் மொத்தம் மாறாது. இந்தக் கணக்கில் நேரும் தவறு நெடுநாள் கண்ணில் படாமல் இருப்பதற்குக் காரணமே இதுதான்.

தவறான பிரிப்பு எப்படி இருக்கும் என்று மூன்று விதமாகப் பார்க்கலாம்.

முதலாவது, சரக்கு முழுவதும் சராசரியாகப் பாதி முடிந்தது என்று ஒரே சதவீதத்தைப் பஞ்சுக்கும் கன்வர்ஷனுக்கும் சேர்த்துப் போடுவது. 12,000 கிலோ 6,000 ஆகிறது. மொத்த சமான அலகு 1,14,000. பஞ்சும் கன்வர்ஷனும் சேர்ந்த 3,04,82,000 ரூபாயை இதால் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 267.39 ரூபாய், பேக்கிங் சேர்த்து 270.39. உண்மையைவிடக் கிலோவுக்கு ஏழு ரூபாய்க்கு மேல் கூடுதல். உள்ளே முழுசாக நிற்கும் பஞ்சில் பாதியை நாம் முடிந்த நூலின் தலையில் கட்டிவிட்டோம். இந்த அடக்கவிலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் 268 ரூபாய்க்கு வந்த ஆர்டரை நஷ்டம் என்று தள்ளிவிடுவார். அந்த ஆர்டரில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் லாபம் இருந்தது.

இரண்டாவது, பஞ்சை 100 என்று சரியாகப் போட்டுவிட்டு, கன்வர்ஷனுக்கு மட்டும் வழக்கமான 50ஐப் போடுவது. பாடப்புத்தகப் பழக்கத்திலிருந்து வரும் தவறு இது. கன்வர்ஷன் சமான அலகு 1,14,000 ஆகி, கிலோவுக்கு 77.91 ரூபாய் வருகிறது. உள்ளே நிற்கும் சரக்கில் 2,42,000 ரூபாய்க்குப் பதில் 4,67,000 ரூபாய்க்கு மேல் கன்வர்ஷன் ஏறிவிடுகிறது. வித்தியாசம் சுமார் 2,25,000 ரூபாய். நூலின் அடக்கவிலை கிலோவுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் குறைத்துக் காட்டப்படுகிறது. முதல் தவறு நூலை விலை கூட்டிக் காட்டியது, இது குறைத்துக் காட்டுகிறது. நூல் வியாபாரத்தில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் என்பது பேரத்தில் விட்டுக்கொடுக்கலாமா கூடாதா என்று முதலாளி இரவு உட்கார்ந்து யோசிக்கும் தொகை.

மூன்றாவது, கழிவைக் கழிக்காமல் தராசுக் கிலோவையே எடுத்துக்கொள்வது. பஞ்சின் சமான அலகு 1,21,000 ஆகிறது. கிலோவுக்கு 178.51 ரூபாய், உள்ளே நிற்கும் 13,000 கிலோவுக்கு 23,20,000 ரூபாய்க்கு மேல். நாளை புளோரூமின் அடியில் குப்பையாக விழப்போகும் பஞ்சை, இன்று நல்ல நூலின் விலையில் சொத்தாக எழுதிவிட்டோம். மிகை மதிப்பு 1,60,000 ரூபாய். மிக்ஸிங்கில் சரக்கு அதிகமாக நிற்கும் மாதத்தில் இந்தத் தவறு பெருகும், காப்ஸில் அதிகமாக நிற்கும் மாதத்தில் சுருங்கும். ஆகவே மாதத்துக்கு மாதம் அடக்கவிலை காரணமில்லாமல் ஏறி இறங்கும்.

ரிங் ஃபிரேமின் மேலே தொங்கும் ரோவிங் பாபின்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஸ்டாக் எடுக்கும்போது அவற்றில் சில நிறைந்திருக்கும், சில தீரும் நிலையில் இருக்கும். சராசரியாகப் பாதி என்று எடுத்துக்கொள்வது வழக்கம், அது நியாயமும்கூட. ஆனால் அந்தப் பாதி எடையைப் பற்றியது. பாபினில் எஞ்சியிருக்கும் ரோவிங்கின் எடை பாதி. அந்த எடைக்குச் சிம்ப்ளக்ஸ்வரையிலான வேலை முழுவதும் முடிந்திருக்கிறது. எஞ்சியதற்கு ரிங் ஃபிரேம் வேலை கொஞ்சமும் நடக்கவில்லை. நூற்கப்பட்ட மறுபாதி கீழே காப்ஸில் இருக்கிறது, அதற்கு ரிங் ஃபிரேம் வேலை முழுவதும் நடந்துவிட்டது. சரக்குச் சீட்டில் ‘பாதி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, அலுவலகத்தில் அதே பாதியை முடிவுநிலைச் சதவீதமாகவும் போட்டால் ஒரே விஷயம் இரண்டு முறை கணக்கில் வந்துவிடும். ஸ்டாக் எடுக்கும் மேஸ்திரியும் கணக்கரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால் ஐந்து நிமிடத்தில் தீரும் விஷயம் இது. பல ஆலைகளில் அவர்கள் அப்படி உட்காருவதே இல்லை.

கன்வர்ஷன் படிப்படியாக ஏறுகிறது என்று நாம் சொல்வதன் பொருளும் இங்கே தெளிவாகிறது. தனியாக எடுத்துக்கொண்ட ஓர் இழை, நூற்கப்பட்டதாகவோ நூற்கப்படாததாகவோதான் இருக்கும். 25, 35 என்பதெல்லாம் பல துறைகளில் பரவி நிற்கும் சரக்கின் சராசரியும், அதுவரை ஏறிய செலவின் பங்கும்தான். ஆகவே சதவீதத்தின் தரம் ஸ்டாக் எடுக்கும் நுணுக்கத்தைத் தாண்டி உயராது. துறைவாரியாக எண்ணாமல், ‘உள்ளே சுமார் 13 டன்’ என்று ஒரு வரியில் எழுதித் தரும் ஆலையில் எந்தச் சூத்திரமும் உதவாது.

தொடக்கச் சரக்கைப் பற்றிக் கேட்பீர்கள். மேலே நான் போட்டது நிறை சராசரி முறை. போன மாதம் ஏறிய செலவையும் இந்த மாதச் செலவையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுக்கிறோம். முதலில் வந்தது முதலில் செல்லும் முறையில் அப்படிக் கலக்க மாட்டோம். இந்த மாதம் மட்டும் எவ்வளவு வேலை நடந்தது என்று பார்ப்போம். தொடக்கத்தில் 10,000 நூல் கிலோ இருந்தது, அதில் கன்வர்ஷன் 2,500 கிலோவுக்குச் சமமாக ஏறியிருந்தது என்றால், இந்த மாத வேலை பஞ்சில் 1,10,000, கன்வர்ஷனில் 1,08,525. கழித்தால் போதும், வேறு வித்தை எதுவும் இல்லை.

எந்த முறை சிறந்தது என்று மாணவர்கள் சண்டை போடுவார்கள். பருத்தி விலை பாய்ந்த ஒரு மாதத்தை வைத்துப் பார்ப்போம். 2022 மே மாதத்தில் ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது பலருக்கு நினைவிருக்கும். அந்த அளவு வேகத்தைக் கற்பனை செய்து, நம் கணக்கில் தொடக்கச் சரக்கின் பஞ்சு கிலோவுக்கு 150 ரூபாயில் இருந்தது என்று கொள்வோம். அது 15,00,000 ரூபாய். மீதி 2,01,00,000 ரூபாய் இந்த மாதப் பஞ்சு. 1,10,000 கிலோவால் வகுத்தால் 182.73 ரூபாய். இறுதிச் சரக்கின் பஞ்சு மதிப்பு 21,60,000 ரூபாயிலிருந்து ஏறத்தாழ 21,93,000 ரூபாயாகிறது. வித்தியாசம் 33,000 ரூபாய்தான். ஒரே மாதத்தில் விலை இருபது சதவீதத்துக்கு மேல் ஏறியும் இவ்வளவுதான், ஏனென்றால் உள்ளே நிற்பது மூன்று நான்கு நாள் சரக்கு மட்டுமே. கன்வர்ஷன் சதவீதத்தைத் தப்பாகப் போட்டதில் 2,25,000 ரூபாய் பிசகியது. நூற்பாலையில் முறையைப் பற்றிய விவாதத்தைவிடச் சதவீதத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பதில் நேரம் செலவிடுவது மேல் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். முதலில் வந்தது முதலில் செல்லும் முறைக்கு ஒரு பயன் உண்டு: இந்த மாதத்தின் கன்வர்ஷன் விகிதத்தைப் போன மாதக் கலப்பில்லாமல் காட்டும். செலவுக் கட்டுப்பாட்டுக்கு அது வேண்டும்.

சதவீதம் தவறாகப் போடப்பட்டிருக்கிறது என்பதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? தணிக்கைக்குப் போகும் இளைஞர்களுக்கு இதைத்தான் சொல்லித் தருவேன். ஒவ்வோர் ஆலையும் ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்று தினமும் எழுதி வைக்கிறது. யுகேஜி என்பார்கள். இந்த எண்ணுக்குக் கணக்கரின் அனுமானம் எதுவும் தேவையில்லை. மீட்டரிலிருந்தும் தராசிலிருந்தும் வருகிறது. நூல் நம்பர் மாறாமல், யுகேஜியும் மின்கட்டணமும் கூலியும் ஏறத்தாழ அப்படியே இருக்கும்போது, மார்ச் மாதத்தில் மட்டும் கன்வர்ஷன் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைந்து, ஏப்ரலில் மறுபடி ஏறினால், மார்ச் 31ஆம் தேதி முடிவுறாச் சரக்கில் எதையோ திணித்திருக்கிறார்கள். ஆண்டு லாபத்தைக் கொஞ்சம் உயர்த்திக் காட்ட வேண்டிய நேரத்தில் இந்தச் சதவீதம்தான் யாருக்கும் தெரியாமல் முதலில் நகரும். கிடங்கில் பெட்டி எண்ணிக்கையை மாற்றினால் மாட்டிக்கொள்ளலாம். கேனுக்குள் கிடக்கும் சிலிவர் எத்தனை சதவீதம் முடிந்தது என்று யார் போய் எண்ணுவார்கள்? அதனால்தான் சதவீதத்தை ஆண்டுக்கு ஒருமுறை துறைச் செலவிலிருந்து கணக்கிட்டு, எழுத்தில் வைத்து, ஆண்டு முழுவதும் மாற்றாமல் இருப்பது நல்லது. நம் நாட்டில் 2014ஆம் ஆண்டின் செலவுப் பதிவேட்டு விதிகள் ஜவுளித் தொழிலுக்கும் பொருந்துகின்றன. முடிவுறாச் சரக்கை எந்த முறையில் மதிப்பிட்டோம், எந்தெந்தச் செலவுக் கூறுகளைச் சேர்த்தோம் என்பது பதிவேட்டில் தெரிய வேண்டும் என்று அவை எதிர்பார்க்கின்றன.

இன்னொரு பொறி, ஆலை நிற்கும் மாதம். 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழகத்தில் நீண்ட மின்வெட்டு இருந்ததை நூற்பாலைக்காரர்கள் மறக்கவில்லை. அப்படிப்பட்ட மாதத்தில் உற்பத்தி பாதியாகும்; சம்பளமும் தேய்மானமும் வட்டியும் ஓடிக்கொண்டே இருக்கும். வட்டி எப்படியும் கன்வர்ஷனில் சேராது. மற்ற நிலையான செலவை அப்படியே அந்த மாதத்தின் குறைந்த சமான அலகால் வகுத்தால் விகிதம் எகிறும். அந்த எகிறிய விகிதத்தில் உள்ளே நிற்கும் சரக்கையும் மதிப்பிட்டால், நின்றுபோன இயந்திரத்தின் நஷ்டம் சொத்தாக எழுதப்படும். நிலையான உற்பத்திச் செலவை இயல்பான உற்பத்தித் திறனின் அடிப்படையில்தான் சரக்குக்கு ஏற்ற வேண்டும், மிச்சத்தை அந்தக் காலத்தின் செலவாகவே எழுதிவிட வேண்டும் என்று சரக்கு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரநிலை சொல்கிறது. சமான அலகு எவ்வளவு சரியாக எண்ணப்பட்டாலும், மேலே வைக்கும் தொகை இயல்பானதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

நான் எடுத்துக்கொண்ட ஆலை ஒரே நம்பர் நூலை நூற்கிறது. உண்மையில் அப்படி ஓடும் ஆலை குறைவு. ஒரே ரோவிங்கிலிருந்து சில ஃபிரேம்களில் 30ஆம் நம்பரும் சிலவற்றில் 40ஆம் நம்பரும் போகும். நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும். ஒரு கிலோ நூற்க ரிங் ஃபிரேமில் அதிக நேரமும் அதிக மின்சாரமும் வேண்டும். புளோரூம் முதல் சிம்ப்ளக்ஸ்வரை ஆகும் செலவு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே அதே ரோவிங், 30ஆம் நம்பருக்குப் போனால் 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் முடிந்த சரக்கு, 40ஆம் நம்பருக்குப் போனால் 35. ரோவிங்கைப் பார்த்து அது எதற்குப் போகும் என்று சொல்ல முடியாது. இங்கே ஆலை முழுவதையும் ஒரே செயல்முறையாக வைத்துச் சதவீதம் போடும் வழி அதன் எல்லையை எட்டிவிடுகிறது. அப்படிப்பட்ட ஆலையில் நான் சிம்ப்ளக்ஸ்வரை ஒரு கணக்கு, ரிங் ஃபிரேமிலிருந்து நம்பர்வாரியாக வேறு கணக்கு என்று பிரித்துவிடச் சொல்வேன். முதல் கணக்கில் ரோவிங் முடிந்த பொருள். அதன் செலவு ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று நேரடியாகத் தெரியும். நம்பர் எதுவாக இருந்தாலும் அது மாறாது. இரண்டாவது கணக்கில் அந்த ரோவிங்தான் மூலப்பொருள். தொடக்கத்திலேயே முழுசாகச் சேர்ந்துவிடுகிறது. அங்கே மறுபடி நூறு சதவீதம் பொருள், படிப்படியாக ஏறும் கன்வர்ஷன். காப்ஸ் நிற்கும் ஒரே இடத்துக்கு மட்டும் சதவீதம் கண்டுபிடித்தால் போதும், அதையும் நம்பர்வாரியாக.